பளபளப்பான பியூரெட்

20.6, 20.3, 20.7, 20.4, 20.8.

பி.எஸ்சி. முதலாண்டு மாணவி ஒருத்தியின் ரஃப் நோட்டில் ஒரு மதியம் பென்சிலால் எழுதியிருந்த எண்கள் இவை. ஒரே அமிலம், ஒரே காரம், ஒரே பியூரெட், ஒரே ஆள். ஐந்து முறையும் ஒரே விடை வந்திருக்க வேண்டும். அதே அமிலப் பாட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்காரிகளுக்கு 20.2 வந்திருந்தது. இவளுக்கு மட்டும் எண் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் போனது. தோழிகள் வழக்கமான வைத்தியத்தைச் சொன்னார்கள்: "பேசாம 20.2-ன்னு எழுதிக்கோடி. மேடம் என்ன பார்த்துக்கிட்டா இருக்காங்க?"

மேடம் நான்தான். பல வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் நடத்தியவள். அன்று அவள் 20.2 என்று எழுதாமல் விட்டதால்தான், அலமாரியில் இருந்ததிலேயே சுத்தமாகத் தெரிந்த பியூரெட்தான் அழுக்கானது என்பது தெரிய வந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது டைட்ரேஷன். பாடப்புத்தகத் தமிழில் தரம் பார்த்தல். செறிவு தெரிந்த ஒரு கரைசலை வைத்துக்கொண்டு, செறிவு தெரியாத இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் வழி இது. 1.325 கிராம் சோடியம் கார்பனேட்டை எடைபோட்டு, தண்ணீரில் கரைத்து, மொத்தம் 250 மி.லி. ஆக்கினால் அது சரியாக 0.1 நார்மல். அதிலிருந்து 20 மி.லி.யைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்துக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். ஓரிரு துளி மெத்தில் ஆரஞ்சு சேர்த்தால் குடுவை மஞ்சளாகும். மேலே ஸ்டாண்டில் நிற்கும் பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாயைத் திறந்து அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டபடி குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் ஒரே ஒரு துளியில் மஞ்சள் மறைந்து இளஞ்சிவப்புச் சாயல் வரும். அங்கே நிறுத்தி, எவ்வளவு அமிலம் செலவானது என்று பார்க்க வேண்டும்.

பியூரெட் என்பது 50 மி.லி. கொள்ளும் நீண்ட கண்ணாடிக் குழாய். உச்சியில் பூஜ்யம், கீழே 50. ஒவ்வொரு மி.லி.யும் பத்துக் கோடுகளாகப் பிரிந்திருக்கும். பூஜ்யத்தில் தொடங்கிய மட்டம் 20.2-இல் நின்றால், 20.2 மி.லி. அமிலம் குடுவைக்குள் போயிருக்கிறது என்று கணக்கு. அதை வைத்து அமிலத்தின் செறிவு 0.099 நார்மல் என்று வரும். அடுத்து, அளவு தெரியாமல் கொடுக்கப்பட்ட சோடியம் ஹைட்ராக்சைடை அந்த அமிலத்தால் தரம் பார்த்து, அதில் எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இவளுடைய எண்கள் சிதறிக் கிடந்ததோடு நிற்கவில்லை. ஐந்துமே 20.2-க்கு மேலே இருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. இந்த இரண்டு அடையாளங்களும் முக்கியம் என்பது அப்போது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் உடனே உறைக்கவில்லை.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன் கண்ணை. அது நியாயமான சந்தேகம்தான். நிறம் மாறிய பிறகும் கவனிக்காமல் அமிலத்தை விட்டுக்கொண்டிருந்தால் அளவு கூடித்தான் வரும். கார்பனேட்டோடு அமிலம் சேரும்போது கார்பன் டைஆக்சைடு கிளம்பிக் கரைசலில் தங்குவதால், மெத்தில் ஆரஞ்சின் மாற்றம் சற்று மழுப்பலாகவும் இருக்கும். ஆனால் பியூரெட்டின் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. தான். 0.4 மி.லி. கூடுதல் என்றால் எட்டுத் துளி. எட்டுத் துளி அதிகம் விழுந்த குடுவை இளஞ்சிவப்பில் நிற்காது, நன்றாகவே சிவந்துவிடும். அவள் மேசையில் வரிசையாக இருந்த குடுவைகள் எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில்தான் இருந்தன. கண் பிழை செய்யவில்லை.

அடுத்தது குமிழி. பியூரெட்டின் கீழ் முனையில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால், அமிலம் ஓடும்போது அது வெளியேறி, அந்த இடத்தை அமிலம் நிரப்பும். குடுவைக்குப் போகாத அமிலமும் போனதாகக் கணக்கில் ஏறும். ஆனால் குமிழி ஒருமுறை போய்விட்டால் போனதுதான். முதல் ரீடிங்கைக் கெடுக்கும், ஐந்தாவதைக் கெடுக்காது.

மூன்றாவது, பியூரெட்டில் மிச்சமிருந்த தண்ணீர். கழுவிய பியூரெட்டில் அப்படியே அமிலத்தை ஊற்றினால் அமிலம் நீர்த்துப்போய் அளவு கூடும். அதனால்தான் பியூரெட்டை அந்தந்தக் கரைசலாலேயே இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்பது. கூம்புக் குடுவைக்கு இந்த விதி கிடையாது, அதைத் தண்ணீரால் மட்டும் அலசினால் போதும். குடுவையில் கணக்குக்கு வருவது பிப்பெட் விட்ட காரத்தின் மொத்த அளவு. அதோடு தண்ணீர் எவ்வளவு சேர்ந்தாலும் அந்த அளவு மாறாது. பியூரெட்டிலோ செறிவே மாறிவிடும். இவள் இரண்டையும் சரியாகவே செய்திருந்தாள். தவிரவும், பியூரெட்டின் அமிலம் நீர்த்திருந்தால் முதல் எண் மிகவும் கூடி, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் படிப்படியாகக் குறைந்திருக்கும். இப்படி ஏறி இறங்கி ஆடியிருக்காது.

ஐந்தாவது முறை 20.8 வந்ததும் நோட்டில் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட வந்தாள். நான் வேறொரு மேசையில் இருந்தேன். அங்கிருந்து கிளம்பி அவளுடைய பியூரெட்டின் முன் குனிந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

"20.65 தானே இருக்கு?" என்றேன்.

"இல்ல மேடம், 20.8. நல்லாப் பார்த்துத்தான் எழுதினேன்."

"இப்ப நீயே பாரேன்."

பார்த்தாள். 20.65. அவள் முகம் வாடிவிட்டது. மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைக்காமல் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அளவு மாறும் என்ற பழைய பாடத்தை நான் எடுக்க ஆரம்பித்தேன். அவள் காது கொடுக்கவில்லை. பியூரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் குழாயைத் தொடவில்லை, கீழே துளி விழவில்லை. அப்படியிருக்க மட்டம் மேலே ஏறியிருக்கிறது. தானாக ஏற அமிலம் எங்கிருந்து வந்தது? வருவதென்றால் மேலிருந்துதான் வர வேண்டும். நாங்கள் அதுவரை பார்த்ததெல்லாம் மட்டத்தையும் குடுவையையும்தான். அமிலம் இறங்கிப்போன பிறகு மேலே காலியாக நிற்கும் குழாயை யார் பார்க்கிறார்கள்?

அவள் பார்த்தாள். நோட்டின் கறுப்பு அட்டையைப் பியூரெட்டுக்குப் பின்னால் பிடித்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் இடையில் உள்சுவரில் பத்துப் பதினைந்து மணிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. சில கடுகளவு, சில இன்னும் சற்றுப் பெரிது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அசைந்து, கீழே இருந்த இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு சுவரில் வழிந்து அமிலத்தில் கலந்தது.

"மேடம், இதெல்லாம் குடுவைக்குள்ள போகவே இல்ல!"

விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பியூரெட் தன்னுள் இருப்பதை அளப்பதில்லை, தன்னை விட்டு வெளியே போவதை அளக்கிறது. மட்டம் 20 மி.லி. இறங்கினால் 20 மி.லி. வெளியே போயிற்று என்று நாம் சொல்வது, சுவரில் எதுவும் பின்தங்கவில்லை என்ற நம்பிக்கையில்தான். சுத்தமான கண்ணாடி அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் இயல்பிலேயே ஒட்டுதல் உண்டு. அதனால் கரைசல் இறங்கும்போது சுவரில் மிக மெல்லிய, சீரான ஒரு படலம் மட்டும் நின்று, அதுவும் சில விநாடிகளில் வழிந்துவிடும். ரீடிங் எடுக்கும் முன் அரை நிமிடம் பொறுக்கச் சொல்வது இதற்காகத்தான். குழாயை முழுதாகத் திறந்து சடசடவென்று ஊற்றினால் படலம் தடித்து நிற்கும் என்பதால்தான் மெதுவாக விடச் சொல்கிறோம்.

சுவரில் எண்ணெய்ப் பசை இருந்தால் கதையே வேறு. தாமரை இலைத் தண்ணீர் எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். இலையின் மெழுகுப் பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. தண்ணீர் பரவ வழியில்லாமல் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு உருண்டையாகிறது. நெய்ப் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவினாலும் அப்படித்தான், தண்ணீர் பொட்டுப் பொட்டாக நிற்கும். பியூரெட்டின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பசை இருந்தாலும் இதே கதைதான். இலை சாய்ந்திருந்தால் நீர்மணி உருண்டு ஓடிவிடும். இங்கே பசை திட்டுத்திட்டாக இருப்பதால் மணிகள் திட்டின் ஓரங்களில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

அவளுடைய எண்களின் இரண்டு அடையாளங்களுக்கும் இப்போது பொருள் கிடைத்தது. காரத்தைச் சமன்செய்யக் குடுவைக்குத் தேவைப்பட்டது ஒவ்வொரு முறையும் 20.2 மி.லி. தான். சுவரில் 0.4 மி.லி. தங்கிவிட்டால், அந்த 20.2 வெளியேறுவதற்குள் மட்டம் 20.6 வரை இறங்கிவிடும். ஆகவே பிழை எப்போதும் கூடுதல் பக்கமே இருக்கும். எத்தனை மணிகள் தங்கும், எது எப்போது வழியும் என்பதற்கோ ஒழுங்கு கிடையாது. ஆகவே எண்கள் சிதறும். நிறத்தைத் தாண்டிப் போகும் பழக்கமோ, நீர்த்துப்போன அமிலமோ இருந்தால் எண்கள் ஒரு ஒழுங்கோடு கூடும். கூடவும் செய்து, சிதறவும் செய்து, காத்திருந்தால் மட்டமும் ஏறினால் பியூரெட்டின் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

சிதறல் ஏன் இவ்வளவு தொல்லை என்பதற்கு அவளுடைய கணக்கே சாட்சி. அவளிடம் கொடுத்திருந்த 100 மி.லி. கரைசலில் இருந்த சோடியம் ஹைட்ராக்சைடு 0.366 கிராம். நல்ல பியூரெட்டில் கார்பனேட்டுக்கு 20.2, இதற்கு 18.5 என்று வந்திருந்தால் அந்த விடை கிடைக்கும். பியூரெட் இரண்டு முறையும் ஒரே மாதிரி 0.4 கூட்டிக் காட்டியிருந்தால் 20.6, 18.9 என்றாகி, விடை 0.367 வரும். பிழை பெரும்பாலும் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கட்டத்துக்கும் ஒரே பியூரெட்டை வைத்துக்கொள்ளச் சொல்வதில் இந்த லாபமும் இருக்கிறது. ஆனால் பசைக்கு அந்த நேர்மை கிடையாது. ஒருமுறை 0.5, அடுத்த முறை 0.1 என்று தங்கினால் எண்கள் 20.7, 18.6 ஆகும். விடை 0.359, ஏறக்குறைய 2 சதவீதம் தவறு. ஆய்வகத் தேர்வில் மதிப்பெண் குறைய இது போதும்.

பசை வந்த வழியை எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் வந்த வேகத்தில் சொல்லிவிட்டார். பியூரெட்டின் கீழே இருக்கும் கண்ணாடிக் குழாய்த் திருகை எடுத்துக் காட்டினார். அதைச் சுற்றி வாஸ்லின் அப்பிக் கிடந்தது. திருகு லகுவாகச் சுழலவும் கசியாமல் இருக்கவும் வாஸ்லின் தேவைதான். ஆனால் யாரோ தாராளமாகத் தடவியிருந்தார்கள். திருகின் நடுவில் இருக்கும் துளை வழியாக அது குழாய்க்குள் பிதுங்கியிருந்தது. வாஸ்லின் தண்ணீரைவிட லேசானது. பியூரெட்டில் அமிலம் ஊற்றியதும் அந்தத் துணுக்கு மேலே மிதந்து வரும். பிறகு மட்டம் இறங்க இறங்க அதுவும் சுவரை உரசிக்கொண்டே இறங்கி, போகிற வழியெல்லாம் பூசிவிடும். அமிலத்தால் மூன்று முறை அலசினாள் அல்லவா, அந்த அலசலே மூன்று பூச்சாக முடிந்திருந்தது.

"துளைக்கு ரெண்டு பக்கமும் தள்ளி, விரல் நுனியால தொட்டுத் தொட்டு வைக்கணும்மா" என்றார் அவர். "வீல் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிற மாதிரி வைக்கக் கூடாது."

பியூரெட்டின் வரலாற்றில் ஒரு காலத்தில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை. பியூரெட் என்ற பெயரை 1824-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் கே-லுசாக். ஜெர்மனியின் கார்ல் ஃபிரெட்ரிக் மோர், 1855-இல் தரம் பார்க்கும் முறைகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். நம் மாணவிகள் ஆண்டுதோறும் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் மோர் உப்பு இவர் பெயரால் வந்தது, தயிர் கடைந்து வந்ததல்ல. அவர் வடிவமைத்த பியூரெட்டில் திருகு இல்லை. அடியில் ஒரு ரப்பர் குழாய், அதை நெரித்துப் பிடிக்க ஒரு கவ்வி, அவ்வளவுதான். பசை பூச வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ரப்பரோடு வினைபுரியும் என்பதால் அதற்குக் கண்ணாடித் திருகு வேண்டியிருந்தது, கூடவே வாஸ்லினும் வந்தது. இப்போது வரும் டெஃப்லான் திருகுகளுக்குப் பசை வேண்டாம். எங்கள் அலமாரியில் இருந்தவை பெரும்பாலும் பழைய கண்ணாடித் திருகுகள்.

சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. திருகைக் கழற்றி, பெட்ரோலியம் ஈதரில் நனைத்த பஞ்சால் வாஸ்லினைத் துடைத்து, துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு எடுத்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, நீளப் பிரஷ்ஷால் குழாயை உள்ளே தேய்த்தார்கள். நாங்கள் படித்த காலத்தில் இதற்குக் குரோமிக் அமிலம் என்று ஒரு கலவை வைத்திருப்போம், அடர் கந்தக அமிலத்தில் டைகுரோமேட்டைக் கலந்தது. பசையை எரித்தே தீர்த்துவிடும். கையில் பட்டால் தோலையும் விடாது, அதிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதைத் தொடாமலிருப்பதே நல்லது. வாஸ்லினுக்குச் சோப்பே போதும்.

கழுவியது போதுமா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பியூரெட்டில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, குழாயைத் திறந்துவிட்டு, மட்டத்துக்கு மேலே பார்க்க வேண்டும். சுவர் எங்கும் விட்டுப்போகாமல் ஒரே ஈரப் படலமாகத் தெரிந்தால் சுத்தம். படலம் எங்கேயாவது கிழிந்து மணியாகத் திரண்டால் அந்த இடத்தில் பசை இருக்கிறது. முதல் முறை பார்த்தபோது 8-க்குப் பக்கத்தில் இரண்டு மணிகள் நின்றன. மறுபடி தேய்த்தாள். இரண்டாம் முறை ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு இன்னொரு சோதனையும் செய்து பார்த்தோம். எடை பார்த்த சிறு பீக்கரில் பியூரெட்டிலிருந்து 10 மி.லி. தண்ணீர் விட்டு எடைபோட்டோம். எங்கள் ஆய்வகத்தின் 30 டிகிரி வெயிலில் 10 மி.லி. தண்ணீர் தராசில் சுமார் 9.95 கிராம் காட்ட வேண்டும். ஏறக்குறைய அதுவே வந்தது. நூலிழை பிசகாமல் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 50 மி.லி. பியூரெட்டில் உயர்தரமானதற்கே 0.05 மி.லி. வரை, இரண்டாம் தரத்துக்கு 0.1 மி.லி. வரை பிழை அனுமதி உண்டு. அதைக் கழுவிப் போக்க முடியாது, அது கண்ணாடியின் பிறவிக்குணம்.

அமிலத்தால் அலசி, நிரப்பி, முனையில் குமிழி இல்லை என்று பார்த்து மறுபடி தரம் பார்த்தாள். 20.2. அடுத்து 20.15. பிறகு 20.2. மட்டத்தை ஐந்து நிமிடம் காவல் காத்தாள், அது அசையவில்லை. பழைய ஐந்து எண்களையும் அழிக்காமல் பக்கத்தில் கோடு போட்டு, 'பியூரெட்டில் வாஸ்லின்' என்று எழுதிவைத்தாள்.

அந்தப் பியூரெட்டை ஏன் எடுத்தாய் என்று பிறகு கேட்டேன். அலமாரியில் இரண்டுதான் மிச்சமிருந்தனவாம். ஒன்றின் உள்ளே பழுப்புக் கறை. இன்னொன்று பளபளவென்று இருந்தது. யாராக இருந்தாலும் எதை எடுப்பார்கள்?

பழுப்புக் கறை பெர்மாங்கனேட் விட்டுப்போன மாங்கனீசு டைஆக்சைடு. ஆக்சாலிக் அமிலத்தோடு கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து ஊற்றிவைத்தால் கரைந்துபோகும். கண்ணில் படுவதால் யாராவது ஒருவர் கழுவிவிடுவார்கள். வாஸ்லின் கண்ணில் படாது, கண்ணாடியை இன்னும் மினுக்கியும் காட்டும்.

அடுத்த வாரம் அவள் அலமாரிக்குப் போய்ப் பழுப்புப் பியூரெட்டை எடுத்தாள். ஆக்சாலிக் அமிலம் வாங்கி ஊற்றினாள். கறை போனதும் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டு, கறுப்பு அட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் எல்லாரும் முதல் ரீடிங் எடுத்து முடித்திருந்தார்கள். அவள் இன்னும் மட்டத்துக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.